மூன்று பேர் சேர்ந்து போட்ட வெங்காயம்: பங்கு பிரிப்பதில் இழுபறி

திருப்பூர்வாசி:
பெரம்பலூர் பக்கம் மாமாவின் 2 ஏக்கர் கிணற்றுப் பாசனக் காட்டில் சின்ன வெங்காயம் போட்டோம். பணம் ரூ. 1,80,000 என்னுடையது. மாமா நிலமும் கிணறும் கொடுத்தார். உழவுக்கும் எருவுக்கும் 30,000 அவர் கையிலிருந்து போனது. கூடப் படித்த நண்பன் பணம் போடவில்லை, ஆனால் 75 நாள் காட்டிலேயே கிடந்தான்.

மண்டிக் கமிஷன், சாக்கு, வண்டி வாடகை எல்லாம் போகக் கைக்கு வந்தது 3,60,000. போட்ட 2,10,000 போனால் மிச்சம் 1,50,000. ஆரம்பத்தில் "லாபத்தில் பங்கு" என்று பேசினோமே தவிர, யாருக்கு எவ்வளவு என்று பேசவில்லை. மாமா ஆளுக்கு 50,000 என்கிறார். எனக்குப் பாதி வேண்டும். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் சரியில்லை.

மன்னார்குடி தாத்தா:
தம்பி, சட்டப்படி நிலத்துக்கு 25 சதம்தான். நியாய வாரச் சட்டம் 1956, அப்புறம் அதைக் குறைத்தார்கள். என் நெல் வயலைக் குத்தகைக்கு விட்டபோது அப்படித்தான் அளந்தோம். மாமாவுக்கு அதைக் கொடுத்துவிட்டு மீதியை நீங்கள் இருவரும் பாதிப் பாதி வையுங்கள்.

சேலம் கணக்கர்:
முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மூன்றாக வெட்டினால் முடிந்தது. இதில் என்ன குழப்பம்?

ஆலத்தூர் விவசாயி:
ஐயா சொன்ன 25 சதம் மொத்த விளைச்சலில் எடுப்பது, அதுவும் குத்தகைக்காரனிடம். இங்கே யாரும் குத்தகைக்காரர் இல்லை. 3,60,000-இல் 25 சதம் என்றால் 90,000. லாபத்தில் பாதிக்கு மேல் நிலத்துக்கே போய்விடும்.

கணக்கர் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் பணத்துக்கு முதல் திரும்பி வந்தது. 75 நாள் உழைப்புக்கு எது திரும்பியது? அதையும் முதலாகத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி, ஒன்று சொல்லுங்கள். விதை வெங்காயம் எடுத்து வைத்தீர்களா?

திருப்பூர்வாசி:
ஆமாம் அண்ணே, 500 கிலோ மாமா வீட்டுப் பட்டறையில் இருக்கிறது. அது கணக்கில் வருமா? விலை கிலோ 40-க்குத்தான் போனது.

ஆலத்தூர் விவசாயி:
வராமல்? அது 20,000. மிச்சம் 1,70,000 ஆகிவிட்டது. மாமா அதை வைத்துக்கொண்டால் அவர் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வொருவர் போட்டதற்கும் உங்கள் ஊர் விலையைக் கொடுங்கள். கிணற்றோடு ஏக்கருக்கு வருடக் குத்தகை 30,000 என்று வைத்தால் 2 ஏக்கருக்கு 60,000. உழவு முதல் அறுவடை வரை 4 மாதம், எனவே 20,000. நண்பன் கூலி 600 என்றால் 75 நாளுக்கு 45,000. பணத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, 4 மாதம்: உங்களுக்கு 7,200, மாமாவுக்கு 1,200. மொத்தம் 73,400. போக நிற்பது 96,600. இதுதான் உண்மையான லாபம். சண்டை இதன் மேல்தான் வர வேண்டும்.

இதைப் பிரிக்கும் முன் ஒன்று கேளுங்கள். கோழிக்கால் நோய் வந்து காடே போயிருந்தால் உங்கள் 1,80,000-இல் நண்பன் ஒரு பங்கைச் சுமந்திருப்பானா? சுமந்திருப்பான் என்றால் மூன்றாக வெட்டுவது சரி, ஆளுக்கு 32,200. இல்லை என்றால் யார் எவ்வளவு இழந்திருப்பார்களோ அந்த அளவுக்குப் பங்கு. நீங்கள் 1,80,000, மாமா நிலமும் பணமும் சேர்த்து 50,000, நண்பன் 45,000. அப்படிப் பார்த்தால் கூலி, வட்டியோடு சேர்த்து உங்களுக்குச் சுமார் 70,400, நண்பனுக்கு 60,800, மாமாவுக்கு 38,800. அதில் 20,000 மாமாவுக்கு வெங்காயமாகவே வந்துவிட்டது.

சேலம் கணக்கர்:
நஷ்டத்தைக் கேட்காமல் லாபத்தை வெட்டச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூலியும் வாங்கிக்கொண்டு லாபத்திலும் பங்கா?

ஆலத்தூர் விவசாயி:
பட்டுப் போயிருந்தால் அந்தக் கூலி யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். வாரா வாரம் கையில் வாங்கியிருந்தால் நீங்கள் சொல்வது பொருந்தும்.

திருப்பூர்வாசி:
நஷ்டம் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஆனால் மாமா, "அவன்கிட்ட என்னத்த வாங்குவ?" என்று ஒருமுறை சொன்னார். அப்படியானால் இரண்டாவது வழிதான்.

ஒரு சந்தேகம். மும்முனை கரண்ட் ராத்திரிதான் வந்தது. அவன் தண்ணீர் கட்டிய ராத்திரிகளை நாளாகச் சேர்க்கவில்லை.

மன்னார்குடி தாத்தா:
எங்கள் பக்கம் ராத்திரி மடை பார்த்தால் அரைக் கூலி.

ஆலத்தூர் விவசாயி:
இங்கே சிலர் முழுக் கூலி கேட்பார்கள். ஊரில் என்ன வழக்கமோ அதை வையுங்கள், நான் சொல்லி ஒன்றும் ஆகாது. களையெடுக்க நண்பன் மனைவி வந்தார்களா?

திருப்பூர்வாசி:
வந்தார்கள். மற்ற பெண்களுக்கு 300 கொடுத்தோம், அவருக்குக் கொடுக்கவில்லை. 12 நாள் இருக்கும். அவன் முகம் ஏன் அப்படி இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த 3,600-ஐ முதலில் எடுத்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்காருகிறோம்.