கலைச்சொல்: கட்டங்களில் உள்ள அலகைத் தலைப்புக்குக் கொண்டுபோவதற்கு என்ன பெயர்?

தேவகி (ரோஸ் ஹில், மொரிஷியஸ்)

எல்லோருக்கும் வணக்கம். எக்செல் அட்டவணைகளைச் சிஎஸ்வியாக மாற்றுவது பற்றி ஒரு பயிற்சிக் கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு வேலைக்குப் பெயர் கிடைக்காமல் நிற்கிறேன். எடுத்துக்காட்டுக்காக நானே போட்ட கரும்பு அட்டவணை இது:

```
தோட்டம்,விளைச்சல்,சர்க்கரை
A,74.5 t/ha,10.4 %
B,33 t/arp,10.1%
```

இப்படியே விட்டால் எந்த நிரலும் விளைச்சலை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எல்லாமே வெறும் எழுத்துதான், கூட்டவும் முடியாது, வரிசைப்படுத்தினால் 9 பின்னாலும் 10 முன்னாலும் வந்து நிற்கும். அதனால் அலகையும் விழுக்காட்டுக் குறியையும் கட்டத்திலிருந்து எடுத்துத் தலைப்பில் ஒரே ஒரு தடவை எழுதுகிறோம். இந்தச் செயலை ஒரு சொல்லில் எப்படிச் சொல்வது? எனக்குத் தோன்றியது "அலகேற்றம்". அலகை மேலே ஏற்றுவதால் அந்தப் பெயர். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

குணா (டர்பன்)

அக்கா, இதற்கு "அலகு நீக்கம்" போதுமே. நடப்பது அதுதான்: எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுகிறோம். நான் எப்போதும் ஒரு வரியில் முடித்துவிடுவேன், எண், புள்ளி, காற்புள்ளி தவிர மற்ற எல்லாவற்றையும் அழி, தலைப்பில் % என்று சேர், அவ்வளவுதான். "அலகேற்றம்" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே எங்கள் பிள்ளைகளிடம் அலகு என்றால் காவடியன்று நாக்கில் குத்துவதைத்தான் நினைப்பார்கள். அதை ஏற்றுவது என்றால் கேட்கவே வேண்டாம்.

சண்முகம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இதற்கு ஏற்கெனவே "அலகு மாற்றம்" என்று பாடநூல்களில் இருக்கிறதே? ஆர்ப்பானை ஹெக்டேராக ஆக்குவதைத்தானே கேட்கிறீர்கள்? புதிதாக எதற்கு?

தேவகி

இல்லை ஐயா, அது வேறு. அலகு மாற்றத்தில் எண்ணும் மாறும். நான் கேட்பதில் எண் அப்படியே இருக்கும், அலகு எழுதப்படும் இடம் மட்டும் மாறும். குணா, தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, அந்தச் சிரிப்பு இங்கேயும் வரும், எனக்குக் கவலையில்லை. ஆனால் "நீக்கம்" என்றால் அலகு போயே போய்விட்டது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

செல்வம் (ஃப்ளாக், மொரிஷியஸ்)

சர்க்கரை ஆலை ஆய்வுக்கூடத்தில் பல காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குணா தம்பி சொன்ன ஒருவரி வைத்தியம் பாதி சரி. தேவகியின் அட்டவணையிலேயே அதைப் போட்டுப் பாருங்கள். A தோட்டத்துக்கு 74.5, B தோட்டத்துக்கு 33. தலைப்பில் முதல் கட்டத்தைப் பார்த்து டன்/ஹெக்டேர் என்று எழுதிவிட்டால் B பாதி விளைச்சல்கூட இல்லாத தோட்டமாகத் தெரியும். உண்மையில் அது ஆர்ப்பான் கணக்கு. மொரிஷியஸ் ஆர்ப்பான் 0.4221 ஹெக்டேர், 33-ஐ அதால் வகுத்தால் 78.2 வரும், அதாவது A-யைவிட B தான் மேல். வெட்டியபின் கோப்பைப் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியே கிடையாது. 33 ஒரு நல்ல எண்தானே, பிழை என்று எந்தக் கணினியும் சொல்லாது. சண்முகம் கேட்ட அலகு மாற்றம் இங்கேதான் வருகிறது: நெடுவரிசை முழுவதும் ஒரே அலகுக்கு வந்தபிறகுதான் அதை மேலே கொண்டுபோகலாம்.

```
தோட்டம்,விளைச்சல் (t/ha),சர்க்கரை (% கரும்பு)
A,74.5,10.4
B,78.2,10.1
```

மூன்றாவது தலைப்பில் வெறும் % போடாமல் "% கரும்பு" என்று நான் எழுதியதையும் கவனியுங்கள். எங்கள் தொழிலில் பொல் % கரும்பு, நார் % கரும்பு, பிரிக்ஸ் % சாறு என்றுதான் பேசுவோம். எதில் விழுக்காடு என்பதையும் குறியோடு சேர்த்தே தூக்க வேண்டும், இல்லையென்றால் சாற்றுக் கணக்கும் கரும்புக் கணக்கும் ஒரே கூடையில் விழும்.

இப்போது விழுக்காட்டில் இருக்கும் பெரிய குழி. எக்செல் கட்டத்தில் 10.4% என்று கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே இருப்பது என்ன? பெரும்பாலும் 0.104, குறி வெறும் வடிவமைப்பு. ஆனால் சிலர் 10.4 என்று அடித்துவிட்டு, மேற்கோளுக்குள் % போட்ட வடிவமைப்பைக் கொடுத்திருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பைத்தானில் `openpyxl` வழியாகப் படித்தால் வேறுபாடு வெளிவரும்:

```
print(c.value, c.number_format)
# 0.104 0.0%
# 10.4 0.0"%"
```

முதல் வகையில் மதிப்பை 100-ஆல் பெருக்கித் தலைப்பில் % போட வேண்டும், அல்லது 0.104 ஆகவே விட்டுத் தலைப்பில் % இல்லாமல் "விகிதம்" என்று எழுத வேண்டும். இரண்டும் சரிதான். 0.104-ஐ விட்டுவிட்டு மேலே % போடுவதுதான் கூடாது, 100 மடங்கு பிசகு. டன்/ஹெக்டேரும் இப்படி வடிவமைப்புக்குள் ஒளிந்திருக்கலாம், அப்போது மதிப்பை மட்டும் படித்தால் அலகு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

லிப்ரே ஆபிஸில் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது, கட்டத்தில் காண்கிறபடியே சேமி என்று ஒரு தேர்வு வரும், வழக்கமாக அது இயங்கியே இருக்கும். இருந்தால் "10.4%" என்ற எழுத்து வரும், எடுத்துவிட்டால் 0.104 வரும். காண்கிறபடி சேமித்தால் இன்னொரு நட்டமும் உண்டு: உள்ளே 0.10437 இருந்தாலும் வெளியே 10.4 மட்டும்தான், மிச்சத்தை அந்தச் சிஎஸ்வியிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பள்ளிக் கணக்கில் "பொதுக் காரணி எடுத்தல்" படித்திருக்கிறோம் அல்லவா. இதுவும் அதேதான். 10.4 % என்பது 10.4 பெருக்கல் நூறில் ஒன்று, 74.5 டன்/ஹெக்டேர் என்பது 74.5 பெருக்கல் டன்/ஹெக்டேர். எல்லாக் கட்டத்திலும் பொதுவாக இருப்பதை வெளியே எடுத்து வைக்கிறோம். ஆகவே "பொது அலகு எடுத்தல்". பொதுவாக இல்லாவிட்டால் எடுக்க முடியாது என்ற நிபந்தனை பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. ரூபாய்க் கணக்கில் "மில்லியன்" என்று தலைப்பில் போடுவதற்கும் இதே பெயர் பொருந்தும்.

குணா

ஐயா, கணக்கு சரி, பெயர் நீளம். மெனுவில் "பொது அலகு எடு" என்று போட்டால் எடுத்து எங்கே வைப்பது என்று கேட்பார்கள். "அலகேற்றம்" என்றால் போகும் திசை தெரிகிறது. காவடிக் கிண்டலை நானே திரும்பப் பெறுகிறேன். இன்னொன்று, % ஓர் அலகே இல்லையே? வெறும் எண்தானே?

செல்வம்

வெறும் எண்தான், நானும் நூறில் ஒன்று என்றுதானே எழுதினேன். ஆனால் அட்டவணையில் அது அலகின் இடத்தில் நிற்கிறது, அலகைப் போலவே நடக்கிறது. அனைத்துலக அலகு முறையின் கையேடும் எண்ணுக்கும் % குறிக்கும் நடுவே, மற்ற அலகுகளுக்குப் போலவே, இடைவெளி விடச் சொல்கிறது. அதே கையேட்டில் தலைப்பை அளவு வகுத்தல் அலகு என்று சாய்கோடு போட்டு எழுதும் முறையும் உண்டு. என்னைக் கேட்டால் டன்/ஹெக்டேரில் ஏற்கெனவே ஒரு சாய்கோடு இருப்பதால் அடைப்புக்குறியே கண்ணுக்கு இதம்.

மாலினி (சென் தெனி, ரீயூனியன்)

அந்த இடைவெளிதான் என் தலைவலி! எங்கள் பிரெஞ்சு அட்டவணைகளில் "10,4 %" என்று வரும், காற்புள்ளிதான் தசமம், நடுவில் இருப்பது சாதாரண இடைவெளி அல்ல, பிரியா இடைவெளி. தேடி மாற்றி % குறியை அழித்தபிறகும் கட்டம் இடப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு எழுத்தாகவே நிற்கும், ஏன் என்று கண்ணுக்குத் தெரியாது. `=NBCAR(C2)` போட்டால் 4 வரவேண்டிய இடத்தில் 5 வரும். அப்போதுதான் பிடிபடும். `SUPPRESPACE` அதைத் தொடாது. இது வேலை செய்கிறது:

```
=CNUM(SUBSTITUE(C2;CAR(160);""))
```

சில கோப்புகளில் அதைவிட ஒடுக்கமான 8239 வரும், அதற்கு `UNICAR(8239)`. பெயர் எதுவாக இருந்தாலும் சரி, கையேட்டில் இதை எழுதுங்கள் அக்கா.

தேவகி

எழுதுகிறேன் மாலினி, தனிப் பக்கமே கொடுக்கலாம். குணா, உங்கள் ஒருவரி வைத்தியத்தில் காற்புள்ளியை வைத்துக்கொள்கிறீர்கள், அது தசமமா ஆயிரம் பிரிப்பதா என்று எப்படித் தெரியும்? உங்கள் ஊர் விண்டோஸ் அமைப்பிலும் தசமத்துக்குக் காற்புள்ளிதானே.

சொல்லைப் பொறுத்தவரை இப்போதைக்கு இப்படிச் செய்கிறேன்: பாடத்தின் தலைப்பு "பொது அலகு எடுத்தல்". தலைப்பு வரியில் போய் உட்காரும் அந்த அலகுக்கு "தலைப்பலகு". பொத்தானில் என்ன எழுதுவது என்பதை விட்டுவைக்கிறேன், குணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே நெடுவரிசையில் கிலோவும் லிட்டரும் கலந்திருந்தால், மாற்றவே முடியாத இடத்தில், அலகுக்கென்று பக்கத்தில் ஒரு நெடுவரிசை போடச் சொல்லப்போகிறேன். அதற்கு யாரும் புதுப் பெயர் கேட்காதீர்கள்.

சண்முகம்

தலைப்பலகு என்றால் பலகை மாதிரி ஒலிக்கிறது. தலைப்பு அலகு என்று பிரித்தே எழுதலாமே.

குணா

காற்புள்ளிக்கு என்னிடம் பதில் இல்லை அக்கா, கோப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். அப்புறம், அலகு பொதுவா என்று பார்ப்பதற்கு இதை எழுதினேன். ஒன்றுக்கு மேல் காட்டினால் கையை வைக்கக் கூடாது:

```
u = df["விளைச்சல்"].dropna().str.extract(r"[\d.,]+\s*(.*)$")[0]
print(u.str.strip().value_counts())
```

மாலினி

குணா, "1 250 kg" கொடுத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு நாங்கள் இடைவெளி விடுவோம், உங்கள் வரி "250 kg" என்பதை அலகு என்று காட்டும். `[\d.,\s]+` என்று மாற்றினால் சரியாகிவிடும், பைத்தானில் `\s` பிரியா இடைவெளியையும் 8239-ஐயும் சேர்த்தே பிடிக்கும்.