மொத்த வரியில் 15,000, கூட்டிப் பார்த்தால் 3,000: மாங்காய் போனஸ் டேஷ்போர்டில் நடந்தது

புத்தூர் கணக்கு

மே கடைசியிலிருந்து ஜூலை வரை சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருக்கும். நான் புத்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு போனஸ் உண்டு. ஒரு விவசாயி சீசனில் 10 டன்னுக்கு மேல் போட்டால், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு டன்னுக்கும் 500 ரூபாய். 10 டன்னுக்குள் நின்றுவிட்டால் ஒன்றும் இல்லை.

இதற்கு வெளியில் ஒரு நிறுவனம் பவர் பிஐ டேஷ்போர்டு செய்து கொடுத்தது. ஒரே ஊரைச் சேர்ந்த நான்கு பேரை மட்டும் வடிகட்டி எடுத்தால் திரையில் இப்படி வந்தது:

| விவசாயி | டன் | போனஸ் |
|---|---|---|
| அ | 14 | 2,000 |
| ஆ | 8 | 0 |
| இ | 12 | 1,000 |
| ஈ | 6 | 0 |
| மொத்தம் | 40 | 15,000 |

நான்கு பேருக்கும் தனித்தனி வரி சரி. எடைச் சீட்டு வைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் 2,000 + 1,000 என்றால் 3,000 தானே? கீழே 15,000 நிற்கிறது. முழு சீசனுக்குப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பயங்கரம். அந்த மொத்தத்தை வைத்துத்தான் தலைமை அலுவலகத்தில் பணம் கேட்கிறார்கள். செய்து கொடுத்தவர்களைக் கேட்டால் "சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும்" என்கிறார்கள். இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா? ஃபார்முலா இதுதான்:

```
Bonus =
VAR T = SUM(Purchase[Ton])
RETURN IF(T > 10, (T - 10) * 500, 0)
```

வேலந்தாவளம்

எங்கள் காய்கறி மண்டியிலும் இது நடக்கும் சார். கிலோவுக்கு மூன்று தசமம் வரை உள்ளே இருக்கும், திரையில் இரண்டு தசமம்தான் தெரியும். தக்காளி, கத்தரி, முருங்கை என்று வரிசையாகக் கூட்டும்போது ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் கூடக் குறைய வரும். தசமத்தை ஏற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

புத்தூர் கணக்கு

ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் என்றால் நானும் விட்டிருப்பேன். இது 12,000 ரூபாய் சார், அதுவும் நான்கே பேரில். டன் எல்லாம் முழு எண்.

சித்தூர் டேட்டா

தசமத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 40 டன்னில் 10 கழித்தால் 30. அதை 500-ஆல் பெருக்கினால் 15,000. உங்கள் மொத்த வரியில் இருப்பது அதேதான்.

பவர் பிஐ-யில் மொத்த வரி மேலே இருக்கும் வரிகளைக் கூட்டுவதே இல்லை. அதே மெஷரை, அதாவது நீங்கள் எழுதிய அந்த ஃபார்முலாவை, விவசாயி என்ற ஃபில்டர் இல்லாமல் இன்னொரு முறை ஓட்டுகிறது. 'அ' வரியில் ஓடும்போது மெஷருக்கு 'அ'வின் 14 டன் மட்டும்தான் கண்ணில் படும். மொத்த வரியில் ஓடும்போது நான்கு பேரின் 40 டன்னும் ஒரே குவியலாகப் படும். அது பல விவசாயிகளுடையது என்று உங்கள் ஃபார்முலாவில் எங்கேயும் சொல்லவில்லை. அதனால் ஒரே ஆள் 40 டன் போட்டதாக நினைத்து, 10 டன்னை ஒரே ஒரு முறை கழிக்கிறது. ஆளுக்கு 10 கழிய வேண்டியது, மொத்தத்துக்கே 10-தான் கழிகிறது. சீசன் முழுதுக்கும் வித்தியாசம் பயங்கரமாக வருவதற்குக் காரணம் இதுதான். ஆள் கூடக் கூட இடைவெளியும் கூடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு கார்டு விஷுவலில் `Bonus` மட்டும் போட்டுப் பாருங்கள், விவசாயி பெயர் எதுவும் இல்லாமல். அங்கேயும் 15,000 வந்தால் டேபிளில் கோளாறு இல்லை, ஃபார்முலாதான் அந்த விடையைத் தருகிறது என்று அர்த்தம். நான் யாருடைய டேஷ்போர்டைப் பார்த்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

நகரி தறி

எங்கள் தறிக்கூலி ரிப்போர்ட்டிலும் இது வந்தது. `SUMX` போட்டால் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஆளாகப் போய்க் கணக்குப் போட்டுக் கூட்டும்.

```
Bonus2 =
SUMX(
    VALUES(Purchase[FarmerID]),
    IF(SUM(Purchase[Ton]) > 10,
       (SUM(Purchase[Ton]) - 10) * 500, 0)
)
```

புத்தூர் கணக்கு

கார்டில் 15,000 தான் வந்தது அக்கா, நீங்கள் சொன்னபடியே. நகரி அண்ணா கொடுத்ததை அப்படியே போட்டேன். நான்கு வரியும் பழையபடி சரி, ஆனால் மொத்தம் 60,000 ஆகிவிட்டது!

சித்தூர் டேட்டா

60,000 என்பது 15,000 இன்டு நான்கு. நகரி அண்ணா சொன்ன வழி சரி, பாதியில் நின்றுவிட்டது.

`SUMX` ஒவ்வொரு விவசாயியாகப் போகிறது, அது உண்மை. ஆனால் ஒருவரிடம் போய் நிற்பதாலேயே அவருடைய டன் மட்டும் வடிகட்டப்படாது. உள்ளே நேரடியாக `SUM` எழுதினால் அது இன்னமும் 40 டன்னையே பார்க்கிறது. நான்கு பேரிடமும் 15,000 எழுதிக்கொண்டு வந்து கூட்டிவிட்டது. தனி வரிகள் சரியாக வந்ததற்குக் காரணம், அங்கே டேபிளே ஒரு விவசாயியை வடிகட்டி வைத்திருந்ததுதான். அதனால்தான் இந்தப் பிழை மொத்த வரியில் மட்டும் தெரியும்.

நிற்கிற ஆளை ஃபில்டராக மாற்றுவது `CALCULATE`. ஒரு மெஷரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதைச் சுற்றி `CALCULATE` தானாகவே வந்துவிடும். ஆகவே பழைய மெஷரை அழிக்காமல் அதையே உள்ளே கூப்பிடுங்கள்:

```
Bonus Total =
SUMX(VALUES(Purchase[FarmerID]), [Bonus])
```

டேபிளில் இந்தப் புதியதைப் போடுங்கள், பழையதை மறைத்து வையுங்கள்.

நகரி தறி

எங்களிடம் மெஷரைத்தான் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள் போல. அதனால்தான் எங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது. இங்கே முழுசாக விரித்து எழுதினால் புரியும் என்று எழுதினேன்.

புத்தூர் கணக்கு

3,000 வந்துவிட்டது. ஊர் வாரியாக மாற்றிப் போட்டேன், விவசாயி பெயரையே எடுத்துவிட்டேன், அப்போதும் சரியாக இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை பால்

இது பவர் பிஐ-யில் மட்டும் இல்லை. எங்கள் பால் சங்கத்தில் எக்ஸெல் பைவட்தான். கொழுப்புக்குத் தக்க விலை மாறும், காலையும் மாலையும் வேறு வேறு விலை. லிட்டர் இன்டு விலை என்று பைவட்டுக்குள் கால்குலேட்டட் ஃபீல்டு போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் காலையில் 40 ரூபாய் விலையில் 10 லிட்டர், மாலையில் 42 ரூபாயில் 8 லிட்டர் ஊற்றினார். சேர வேண்டியது 400-ம் 336-ம் சேர்த்து 736 ரூபாய். பைவட் காட்டியது 1,476. லிட்டரைக் கூட்டி 18, விலையையும் கூட்டி 82, இரண்டையும் பெருக்கிவிட்டது. எங்களுக்குத் தனி வரியே தப்பு. மூலத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் தொகை என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பைவட்டில் அதை மட்டும் கூட்டச் சொன்னோம். அப்புறம் பிரச்சினையே இல்லை. நீங்களும் மூலத்திலேயே போனஸ் நெடுவரிசை போட்டுவிட்டால் இந்த `SUMX` எல்லாம் எதற்கு?

சித்தூர் டேட்டா

நோய் ஒன்றுதான், மருந்து வேறு. உங்கள் பாலில் விலை ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் முடிவாகிவிடுகிறது, அதனால் அந்த வரியிலேயே தொகையை எழுதிவிடலாம், அதுதான் நல்ல வழியும்கூட. இங்கே ஒரு வண்டி இறங்கும்போது அது 10 டன்னைத் தாண்டியதா என்று அந்தச் சீட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருவரின் சீசன் முழுவதையும் சேர்த்தால்தான் தெரியும். அதனால் வண்டி அளவில் போனஸ் நெடுவரிசை போட முடியாது, விவசாயி அளவில் நின்றுதான் கணக்குப் போட வேண்டும். மொத்தம் ஒத்துவரவில்லை என்றால் நான் கேட்கும் கேள்வி, "இந்த விதி எந்த அளவில் பொருந்துகிறது?" என்பதுதான். சீட்டா, நாளா, ஆளா? `VALUES`-க்குள் போக வேண்டிய நெடுவரிசை அந்தப் பதிலிலிருந்து வரும்.

புத்தூர் கணக்கு

இன்னொன்று மாட்டியிருக்கிறது அக்கா. மேலாளர் மண்டி வாரியாகக் கேட்டார். எங்களுக்குப் புத்தூரிலும் நகரியிலும் கொள்முதல் மண்டி இருக்கிறது. ஒரு விவசாயி இங்கே 7 டன், அங்கே 7 டன் போட்டிருக்கிறார். புதிய மெஷரில் புத்தூர் வரி 0, நகரி வரி 0, மொத்தத்தில் மட்டும் 2,000. திரும்பவும் கூட்டல் இடிக்கிறது.

வேலந்தாவளம்

அப்படியென்றால் மொத்தத்தை 0 ஆக்கிவிடலாம் இல்லையா? மண்டி வாரியாகக் கணக்குப் போட்டு அதைக் கூட்டினால் போதுமே. முதலாளி கையில் கால்குலேட்டர் வைத்துக்கொண்டுதான் ரிப்போர்ட் பார்ப்பார். கூட்டினால் வரவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டையே நம்ப மாட்டார்.

சித்தூர் டேட்டா

கூட்டல் ஒத்துவர வேண்டும் என்பதற்காக அந்த விவசாயியின் 2,000 ரூபாயை எடுத்துவிட முடியாது. அவர் ஆலைக்குப் போட்டது 14 டன். ஒப்பந்தத்தில் "சீசனில் 10 டன்னுக்கு மேல்" என்றுதானே இருக்கிறது, "ஒரு மண்டியில்" என்று இல்லையே? அப்படியானால் இந்த முறை மொத்தம்தான் சரி, மேலே இருக்கும் இரண்டு பூஜ்யமும்தான் தப்பான கேள்விக்கு வந்த பதில். முதல் தடவை மொத்தம் தப்பு, இந்தத் தடவை வரி தப்பு. மொத்தமும் வரியும் முட்டினாலே மொத்தத்தைத் திருத்தப் போகக் கூடாது.

என்னைக் கேட்டால் மண்டி வாரிப் பக்கத்திலிருந்து போனஸ் நெடுவரிசையை எடுத்துவிட்டு டன் மட்டும் காட்டுவேன். போனஸ் விவசாயிக்குச் சொந்தமானது, மண்டிக்கு இல்லை.

நகரி தறி

மண்டி மேலாளர்கள் விடமாட்டார்கள். போனஸ் எந்த மண்டிச் செலவில் ஏறுகிறது என்று கேட்பார்கள். டன் விகிதத்தில் பிரித்து மண்டிக்கு 1,000 போடலாமே?

சித்தூர் டேட்டா

போடலாம். ஆனால் 10-ஆவது டன்னைத் தாண்டிய வண்டி எந்த மண்டியில் இறங்கியதோ அதன் செலவில் முழுதும் ஏற வேண்டும் என்று இன்னொருவர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. அதை ஃபார்முலா முடிவு செய்யாது. மேலாளரிடம் எழுதி வாங்குங்கள், அதற்குத் தக்க மெஷர் எழுதித் தருகிறேன்.

புத்தூர் கணக்கு

கேட்கிறேன். இப்போதைக்கு மண்டிப் பக்கத்தில் டன் மட்டும் விட்டிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை பால்

ஒன்று விட்டுப்போயிற்று. `FarmerID` எல்லோருக்கும் ஒழுங்காக இருக்கிறதா? எங்கள் எல்லையில் ஒரே ஆள் ஒரு புத்தகத்தில் மலையாளத்தில், இன்னொன்றில் தமிழில் ஏறி, இரண்டு எண் வாங்கியிருப்பார்.

புத்தூர் கணக்கு

இருக்கிறது. தெலுங்கில் ஒரு எண், தமிழில் ஒரு எண் என்று சில பேர் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு 7-ம் 7-மாகப் பிரிந்து போனஸே வராமல் போகும், மொத்தத்திலும் தெரியாது, சரிதானே?

சித்தூர் டேட்டா

சரிதான். அங்கே வரியும் மொத்தமும் அழகாக ஒத்துப்போகும், இரண்டுமே தப்பாக இருக்கும். இதற்கு நேர்மாறாக ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பெயரை வைத்துப் போட்ட டேபிளில் பழைய மெஷர் 8-ஐயும் 6-ஐயும் சேர்த்து 14 ஆக்கி 2,000 காட்டும், புதியது 0 காட்டும். பணம் கேட்பதற்கு முன்னால் இரண்டு மெஷரையும் பெயர் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் எடுங்கள். ஒரே பெயரில் இருக்கும் இரண்டு ஆட்களும், ஒரே எழுத்தில் ஏறிய இரட்டை எண்களும் அதில் மாட்டும். தெலுங்கில் ஒன்று தமிழில் ஒன்று என்று ஏறியவர்கள் அதிலும் மாட்ட மாட்டார்கள். அவர்களை வங்கிக் கணக்கு எண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.