பவர்பாயிண்டில் ஆம்/இல்லை கிளைப்படம்: உதவி வேண்டும்

நண்பர்களே, எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்காக, புரொஜெக்டரில் படம் வராதபோது பார்க்க வேண்டியவற்றை ஒரே ஸ்லைடில் வரைகிறேன். முதல் கேள்வி, பவர் விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் பிளக்கைப் பார்க்க வேண்டும். எரிந்தால், திரையில் `No Signal` தெரிகிறதா? தெரியாவிட்டால் லென்ஸ் மூடியைக் கழற்ற வேண்டும். தெரிந்தால், மடிக்கணினியில் Windows + P அழுத்தி `Duplicate` தேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் கேபிளை மாற்ற வேண்டும்.

'ஆம்' எப்போதும் கீழே, 'இல்லை' எப்போதும் வலப்பக்கம் என்று வைத்திருக்கிறேன். கண் தடுமாறாமல் இறங்க இதுவே நல்லது. கோடுகளுக்கு `Connector: Elbow` பயன்படுத்தியதால், பெட்டியை நகர்த்தினால் கோடும் கூடவே வருகிறது. ஆனால் கோட்டின் மேல் தனி எழுத்துப்பெட்டியாக வைத்த 'ஆம்', 'இல்லை' பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கோட்டுக்குள்ளேயே எழுத வழியில்லை. அவற்றையும் சேர்த்து நகர்த்த நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இன்னொன்று: கேள்விகளுக்குப் போட்ட சாய்சதுரத்துக்குள் எழுத்துக்குக் கிடைப்பது அதன் பாதி அகலம்தான். நம் நீண்ட சொற்கள் உடைகின்றன. எழுத்தைச் சிறிதாக்கினால் கடைசி வரிசையிலிருந்து படிக்க முடியாது. கேள்விக்குச் செவ்வகமே போட்டு, நிறத்தால் வேறுபடுத்தினால் புரியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.