புதுப்பிப்பு: பிறந்த தெருவில் வீட்டைத் தாண்டிப் போன கதை

போன வாரம் நான் கேட்டது: "22 வருடம் துபாயில் இருந்துவிட்டு மயிலாடுதுறை திரும்பினேன். எங்கள் தெருவில் எங்கள் வீட்டையே தாண்டிப் போய்விட்டேன். ஏன் இப்படி அந்நியமாகத் தெரிகிறது?"

வீடு முன்பைவிடத் தாழ்வாகத் தெரிந்தது. அது புதைந்திருக்கும் என்றார் ஒருவர். அப்படியானால் சுவரில் விரிசல் விட்டிருக்கும். தேடிப் பார்த்தேன், இல்லை.

சாலை வேலையில் ஓய்வுபெற்ற அண்ணன் சொன்னதுதான் பொருந்தியது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு தடவையும் தெரு உயரும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டாராம். எங்கள் தெருவுக்கு அதற்குள் நாலைந்து அடுக்கு விழுந்துவிட்டது.

நேற்று டேப் வைத்து அளந்தேன். வாசலில் ஐந்து படி இருந்தன. இப்போது இரண்டுதான். மூன்று படி, ஏறக்குறைய ஒன்றரை அடி, ரோட்டுக்கு அடியில். முன்பு அப்பா திண்ணையில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர் முகம் நேருக்கு நேர் தெரியும், நின்று பேசுவார்கள். நேற்று நான் உட்கார்ந்தேன், நேருக்கு நேர் இடுப்புதான் தெரிந்தது. மனசு கனத்துவிட்டது.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்கிறார்கள். இது சுண்ணாம்புச் சுவர், தாங்குமா என்று இன்னும் முடிவாகவில்லை.

அப்புறம் எதிர்வீட்டுப் பாட்டி குனிந்து பார்த்து, "யாருப்பா வேணும்?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.