புதுப்பிப்பு: அம்மாவின் விசாப் படம்

என் முந்தைய கேள்வி: "பின்புறம் வெள்ளை, அம்மா சிரிக்கவும் இல்லை. பிறகு ஏன் படத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்?"

விடையை ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஐயா கண்டுபிடித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "தங்கச்சி, அம்மாவின் கன்னத்து மச்சம் எங்கே?" என்றார். என் போனின் அழகூட்டும் வசதி கேட்காமலே அதை அழித்திருந்தது! சுவரை வெள்ளையாக்க நான் பயன்படுத்திய செயலியோ இடது காதின் ஓரத்தையும் நரைமுடியையும் வெட்டியிருந்தது.

படத்தில் கண், மூக்கு, வாய் அமைந்திருக்கும் விதத்தைக் கணினி நேரில் வருபவரின் முகத்தோடு ஒப்பிடுகிறது என்றார் ஐயா. சிரித்தால் கன்னமும் கண்ணும் உருமாறும். திருத்தினால் படத்திலிருப்பது வேறொரு முகம்.

"எதைத் திருத்தினாலும் தப்பு, வெளிச்சத்தைக் கூட்டினாலும்கூட" என்று இங்கே சொன்ன அண்ணன் பாதி சரி. அளவுக்கு வெட்டலாம், முகத்தைத் தொடக்கூடாது என்பது ஐயாவின் கணக்கு. அடையாள அட்டைப் படத்தில் கறுத்துத் தெரிவதாகக் குறைப்பட்ட அக்காவுக்கு என்னிடம் பதில் இல்லை.

மறுபடி வீட்டில்தான் எடுத்தோம். பனி மூடிய காலை, ஜன்னலைப் பார்த்தபடி அம்மா, முதுகுக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் இடையே மூன்றடி. நிழலே விழவில்லை. கையை நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால் ஐந்தடி தள்ளி நின்றேன்.

படம் ஏற்கப்பட்டுவிட்டது. வந்த பருவைத் துடைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஐயா சிரித்தார், பதில் சொல்லவில்லை.