கலைச்சொல் வேணும்: ‘கி’ வர்ற இடத்துல வாக்கியத்தை உடைச்சுத் தொடுக்கிறதுக்கு

கயல்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு பிரெஞ்சு நாவலோட தமிழாக்கத்தைச் சரிபார்த்துட்டு இருக்கேன், திரும்பத் திரும்ப ஒரே தப்பு, ஆனா அதை ஓரத்துல குறிக்க ஒரு சொல் இல்ல. பிரெஞ்சுல ‘கி’, ‘கெ’ ரெண்டும் ஒரு பெயருக்குப் பின்னாடி வந்து அதைப் பத்தின இன்னொரு வாக்கியத்தை ஒட்டற சொற்கள்; ‘கி’ வந்தா அந்தப் பெயர் எழுவாய், ‘கெ’ வந்தா செயப்படுபொருள். ஒரு வாக்கியம் பாருங்க, மூலத்துல இருக்கற வரிசையிலயே சொல்றேன்: டாக்டர் நீட்டினார் சாவியைப் பையனிடம், ‘கி’ ஓடினான் கதவைத் திறக்க, ‘கெ’ காற்று சாத்தியது உடனே.

மொழிபெயர்த்தவர் எழுதினது: “காற்று உடனே சாத்திவிட்ட கதவைத் திறக்க ஓடிய பையனிடம் டாக்டர் சாவியை நீட்டினார்.”

இலக்கணம் சரிதான். ஆனா கதை தலைகீழ்! முதல்ல காத்து சாத்துது, அப்புறம் பையன் ஓடறான், கடைசியா சாவி வருது. ‘கி’யைக் கண்டாலே பெயரெச்சம் போடற பழக்கத்தால வர்ற வினை இது. நான் திருத்தினது: “டாக்டர் பையனிடம் சாவியை நீட்டினார். அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். திறந்த கதவைக் காற்று உடனே சாத்திவிட்டது.” இப்படி உடைச்சுத் தொடுக்கிறதுக்கு என்ன பேர் வைக்கலாம்?

மாறன்:
பின்னெச்சம்னு வைக்கலாமே. நம்ம பெயரெச்சம் பெயருக்கு முன்னாடி வருது, அவங்களோடது பின்னாடி வருது, அவ்ளோதானே வித்தியாசம்.

புலவர் ஐயா:
தம்பி மாறன், பின்னாடி வருதுங்கறது சரி, எச்சம்ங்கறது சரியில்ல. முடியாம நிக்கற வினைதான் எச்சம். ‘கி’க்கு அப்புறம் வர்ற வினை காலம் இடம் எல்லாம் காட்டி முடிஞ்சே நிக்குது, அது முற்று. அதோட கயல் கேக்கறது பிரெஞ்சு வடிவத்துக்குப் பேர் இல்ல, நாம தமிழ்ல செய்யற வேலைக்குப் பேர்.

அந்தத் திருத்தத்தைத் திரும்பப் படிங்க. “திறந்தான். திறந்த கதவை.” முந்தின வாக்கியம் முடிஞ்ச வினையையே எடுத்து அடுத்ததை ஆரம்பிச்சிருக்கீங்க. இதுக்கு நம்மகிட்ட எப்பவோ பேர் இருக்கும்மா, அந்தாதி. ‘அந்தாதித் தொடுப்பு’ன்னு சொல்லலாம்.

ரோஸ்லின்:
நான் ஒப்பந்தங்கள் மொழிபெயர்க்கறவ. இந்த உடைக்கிற வேலையை எங்க ஃபைல்ல செஞ்சா வம்புதான். ‘வாடகை கட்டாத குடியிருப்பாளர் வெளியேற வேண்டும்’னு வர்ற இடத்தை “குடியிருப்பாளர் வெளியேற வேண்டும். அவர் வாடகை கட்டவில்லை”ன்னு உடைச்சா எல்லாரையும் வெளிய போகச் சொன்ன மாதிரி ஆயிடுது. அதனால உடைக்கவே கூடாதுன்னு நினைக்கறேன்.

கயல்:
ரோஸ்லின் அக்கா, உங்க வாக்கியத்துல ‘கி’க்கு முன்னாடி கமா இருக்காதே? கமா இல்லேன்னா எந்தக் குடியிருப்பாளர்னு அது வரம்பு கட்டுது, அங்க பெயரெச்சம்தான் சரி. எனக்குச் சிக்கல் கமா இருக்கற இடம், அதுலயும் எல்லாம் இல்ல. “மேயர், ‘கி’ வயசானவரா இருந்தார்” மாதிரி, நிலைமையைச் சொல்ற இறந்தகாலமான அம்பர்ஃபேல வந்தா கதை நகரல, வெறும் பின்னணி, “வயதான மேயர்”னு போட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். கமாவும் இருந்து வினை, நடந்து முடிஞ்சதைச் சொல்ற இறந்தகாலமான பாஸே சாம்ப்ள்லயும் இருந்தா உஷார், பெரும்பாலும் கதை ஒரு படி முன்னாடி போகுது.

மாறன்:
ஆனா ஆசிரியர் ஒரே மூச்சுல எழுதினதை மூணா நறுக்கலாமா? “டாக்டர் சாவியை நீட்ட, பையன் ஓடிப்போய்க் கதவைத் திறக்க, காற்று உடனே சாத்திவிட்டது.” எழுவாய் ரெண்டு தடவை மாறியும் ஒரே வாக்கியம்.

புலவர் ஐயா:
பலே! இது நல்லாருக்கு. ஆனா “திறக்க”ங்கறது ‘திறக்கறதுக்காக’ன்னும் கேக்கும், பையன் திறந்தானா இல்லையான்னே ஒரு நொடி தடுமாறும். பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு போதும், அதுக்கு மேல போனா பழைய கதாகாலட்சேபம் மாதிரி ஆயிடும்.

இளங்கோ:
நான் பிரெஞ்சு இப்பதான் கத்துக்கறேன். ‘கி’ மாதிரியே, ஆனா ‘யாரோட’ங்கற அர்த்தத்துல ‘தோன்’ வந்தா என்ன பண்றது? “எழுத்தாளர், ‘தோன்’ நான் படிச்சேன் புத்தகத்தை”. இதை “நான் புத்தகம் படித்த எழுத்தாளர்”னா என்னமோ மாதிரி இருக்கு.

புலவர் ஐயா:
இருக்கத்தான் செய்யும். பெயரெச்சம் தழுவற பெயர் ஆறு வகைன்னு நன்னூல் சொல்லுது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். உடையவர் அந்த ஆறுல இல்ல.

மாறன்:
அப்போ “வால் அறுந்த பல்லி”? பல்லி அறுக்கல, அறுபடவும் இல்ல, வாலுக்குச் சொந்தக்காரர் மட்டும்தான். “கால் ஒடிஞ்ச நாற்காலி”யும் அப்படித்தான்.

புலவர் ஐயா:
உறுப்பா இருந்தா ஒத்துக்குது, வினைக்கு எழுவாயா அந்த உறுப்பே நிக்குது. புத்தகம் எழுத்தாளரோட உறுப்பும் இல்ல, படிக்கிறது அதுவும் இல்ல. ஆனா “மகன் ஓடிப்போன அம்மா”ன்னும் சொல்றோமே... யோசிக்கணும்.

ரோஸ்லின்:
நாங்க “எவருடைய புத்தகத்தைப் படித்தேனோ அந்த எழுத்தாளர்”னு போடுவோம். ஒப்பந்தத்துல ஓடும், நாவல்ல வக்கீல் பேசற மாதிரி இருக்கும்.

கயல்:
முதல் அத்தியாயத்துல பதினோரு இடத்துல ஓரத்துல “அந்தாதி”ன்னு மட்டும் எழுதி அனுப்பிட்டேன், மொழிபெயர்த்தவர் என்னன்னு விளக்கம் கேக்காம ஒன்பதைச் சரியா திருத்தி அனுப்பிட்டார். மிச்ச ரெண்டும் ‘தோன்’. அங்க கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.