புதுப்பிப்பு: ‘சொன்னாங்க’ ஒருவரா, பலரா?

என் பழைய கேள்வி: “வீடியோவில் பாட்டி பேசுவதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறேன். அவர் ‘சொன்னாங்க’ என்கிறார். எழுதும்போது சொன்னாரா, சொன்னார்களா?”

பாதி தீர்ந்தது. சிக்கிய வரி இது: “கடன் கேட்டுப் போனோம். மொதல்ல குடுக்குறேன்னாங்க, அப்புறம் இல்லன்னுட்டாங்க.”

‘-ஆங்க’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘-ஆர்கள்’ போடச் சொன்னார் ஒருவர். இலக்கணத்தில் தப்பில்லை, ஆனால் இங்கே ஒரு கும்பலே கைவிரித்த மாதிரி ஆகிவிடும். பிழைதிருத்தும் அக்காதான் வழி காட்டினார்: “மேற்கோளுக்குள் பார் தம்பி. ‘குடுக்குறோம்’ இல்லை, ‘குடுக்குறேன்’. பேசியது ஒரே ஆள்.” வீடியோவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், இரண்டு நிமிடம் முன்னால் பாட்டி ‘மேனேஜரம்மா’ என்கிறார். சரி, இப்படி எழுதினேன்:

“கடன் கேட்டுப் போனோம். முதலில் கொடுக்கிறேன் என்றார், அப்புறம் இல்லை என்று சொல்லிவிட்டார்.”

‘மறுத்தார்’ என்று சுருக்கவில்லை. ‘-உட்டாங்க’வில் இருக்கும் முடிவான தொனி அதில் போய்விடும்.



பின்னால் வரும் “வேணாம்னாங்க” மட்டும் இன்னும் நிற்கிறது. யார் என்று எந்தத் துப்பும் இல்லை. இப்போதைக்கு ‘வேண்டாம் என்றார்கள்’ என்று வைத்து, அது வீடியோவில் வரும் நேரத்தைக் குறித்திருக்கிறேன். பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.